பெயர் தெரிந்தும் ஏன் வாங்கவில்லை? ஒரு காபித்தூள் பாக்கெட் காட்டிய பிராண்ட் மதிப்பு

காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிறு நகரத்தில் இரண்டு தலைமுறைகளாகக் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்றுவரும் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். விற்பனை தொடர்ந்து குறைந்துகொண்டே வந்ததால், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பெரிய விளம்பரப் பலகையும் பண்பலை வானொலியில் மூன்று மாத விளம்பரமும் வைக்க அவர் முடிவு செய்திருந்தார். “நம்ம பேரு ஜனங்களுக்கு மறந்துபோச்சு சார், திரும்ப ஞாபகப்படுத்தணும்” என்றார். செலவைத் தொடங்குமுன் நாற்பது வீடுகளில் மட்டும் பேசிப் பார்க்க அனுமதி கேட்டேன். ஒரு பிராண்டுக்கு எங்கே அடிபட்டிருக்கிறது என்று தெரியாமல் விளம்பரத்துக்குப் பணம் போடும் சிறு நிறுவனங்களைத் தொடர்ந்து பார்த்துவருவதால், அந்த நாற்பது வீடுகளில் தெரிந்துகொண்டதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பிராண்ட் மதிப்பு என்பதை அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் ஆக்கர் 1991இல் பகுத்துக் காட்டிய முறைதான் இன்றும் எங்கள் தொழிலில் அதிகம் புழங்குகிறது. பெயர் அறிமுகம், அந்தப் பெயரோடு மனத்தில் ஒட்டியிருக்கும் தொடர்புகள், வாங்குபவர் உணரும் தரம், வாடிக்கையாளரின் பற்று ஆகிய நான்கும் அதன் முக்கிய அங்கங்கள். காப்புரிமை, வணிகச் சின்னம் போன்ற உடைமைகளை அவர் ஐந்தாவதாகச் சேர்த்திருந்தாலும், சிறு நிறுவனங்களைப் பொறுத்தவரை முதல் நான்கைக் கவனித்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பதையும், ஒன்றில் குறை இருக்கும்போது இன்னொன்றுக்குச் செலவழித்தால் அந்தக் குறை அப்படியே நிற்கும் என்பதையும் உரிமையாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் அறிமுகத்தை அளப்பது எளிது. கெடுத்துக்கொள்வது அதைவிட எளிது. “காபித்தூள் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வரும் பெயர்களைச் சொல்லுங்கள்” என்று எதையும் காட்டாமல் முதலில் கேட்க வேண்டும். எந்தப் பெயர் முதலில் வருகிறது, எது யோசித்தபின் வருகிறது என்பதை வரிசையாகக் குறித்துக்கொண்ட பிறகே, ஒரு பட்டியலை வாசித்து இவற்றில் எவை தெரியும் என்று கேட்கலாம். எங்களுடைய முதல் நாள் வேலை முழுவதும் வீணாயிற்று. வீடு வீடாகச் சென்ற பையன் அந்த நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போயிருந்தான். கதவைத் திறந்த எல்லோரும் அந்தப் பெயரையே முதலில் சொன்னார்கள். மறுநாள் வேறு தெருக்களில் வெறுங்கையோடு சென்று மீண்டும் தொடங்கினோம். அப்போதும் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் முதல் மூன்று பெயர்களுக்குள் அந்தப் பெயர் வந்துவிட்டது. மக்கள் மறந்துவிடவில்லை என்பது உறுதியானதும், விளம்பரப் பலகைக்கு அவர் ஒதுக்கியிருந்த பணத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து மனத்தொடர்புகள். “இந்தப் பெயரைக் கேட்டதும் என்ன தோன்றுகிறது?” என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும், நம் வசதிக்கு அதைச் சுருக்கக் கூடாது. வறுக்கும் வாசனை, பித்தளை டபரா, கல்யாண வீட்டுக் காபி, தாத்தா சைக்கிளில் போய் வாங்கி வந்தது என்று சொற்கள் வந்தன. எல்லாமே நல்ல தொடர்புகள். ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் இறந்தகாலத்தில் இருந்தன. அறிமுகம் உச்சத்தில் இருந்தும் தொடர்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு டாடா நானோ கார் தெளிவான உதாரணம். 2009இல் விற்பனைக்கு வந்தபோது அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர் நாட்டில் குறைவு. ஆனால் அதனுடன் ஒட்டிக்கொண்ட முதல் தொடர்பு ‘மிக மலிவான கார்’ என்பது. ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாறும் குடும்பம், தான் ஒரு படி மேலே வந்துவிட்டதைத் தெருவுக்குக் காட்டத்தான் கார் வாங்குகிறது. மலிவு என்ற சொல் அந்த ஆசைக்கு நேர் எதிராக நின்றது. மலிவான கார் என்று முன்னிறுத்தியது தவறு என்பதை ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2018இல் உற்பத்தி நின்றது. எங்கள் காபித்தூளுக்கு இப்படிப்பட்ட பாதகமான தொடர்பு எதுவும் இல்லை. ஆகவே பழைய நினைவுகள் ஏன் இன்றைய பழக்கமாகத் தொடரவில்லை என்ற கேள்விதான் மிஞ்சியது.

அதற்கான விடை மூன்றாவது அங்கத்தில், உணரப்படும் தரத்தில் கிடைத்தது. ஒரு வீட்டில் ஏறத்தாழ அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா எங்களை உட்காரவைத்து, பித்தளை பில்டரைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். “முன்ன மாதிரி இல்ல தம்பி. அதே ரெண்டு ஸ்பூன்தான் போடறேன். டிகாஷன் சொட்டுச் சொட்டா இறங்கணும், இப்ப மடமடன்னு இறங்கிடுது. பாலை ஊத்தினா வெளுத்துப்போகுது. தூள்ல ஏதோ குறைச்சுட்டாங்க.” ஏழெட்டு வீடுகளில் இதே புகாரை வெவ்வேறு சொற்களில் கேட்டோம்.

உரிமையாளரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிப்போயிற்று. உண்மையில் அவர் தரத்தை உயர்த்தியிருந்தார். முன்பு அறுபது பங்கு காபிக்கு நாற்பது பங்கு சிக்கரி கலந்துவந்தவர், நல்ல காபி கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எண்பதுக்கு இருபது என்று மாற்றி, விலையையும் ஏற்றியிருந்தார். சிக்கரி என்பது வறுத்துப் பொடித்த ஒரு வேர். காபித்தூளைவிட மிக அதிகமான பங்கு தண்ணீரில் கரைவதால் அது டிகாஷனுக்கு அடர்ந்த நிறத்தையும் கெட்டித்தன்மையையும் கொடுக்கும். பில்டரில் தண்ணீர் இறங்கும் வேகத்தையும் குறைக்கும். கஃபீன் அதில் இல்லை. ஆகவே சிக்கரி குறைந்தால் காபியின் மணமும் கஃபீனும் கூடும், நிறமும் கெட்டியும் குறையும். பாக்கெட்டில் காபி, சிக்கரி விகிதத்தை அச்சிட வேண்டும் என்பது சட்டம். சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. அவர் புதிய விகிதத்தை முறைப்படி அச்சிட்டுத்தான் விற்றார். ஆனால் பின்பக்கத்து மூலையில் இருக்கும் அந்தச் சிறிய எழுத்தை யாரும் படிக்கவில்லை. அந்த அம்மா தரத்தைப் பார்த்தது டிகாஷன் சொட்டும் வேகத்திலும், பால் ஊற்றியபின் வரும் நிறத்திலும்தான்.

இது எங்கள் ஊகமாக நின்றுவிடக் கூடாது என்று பத்து வீடுகளில் ஒரு சிறு சோதனை செய்தோம். இரு விகிதத் தூளையும் ஒரே அளவில் போட்டு, ஒரே அளவு கொதிநீர் விட்டு இறக்கி, ஒரே பாலும் சர்க்கரையும் சேர்த்து, அடையாளம் இல்லாத இரண்டு டம்ளர்களில் கொடுத்தோம். எது முதலில் குடிக்கப்படுகிறது என்பது தீர்ப்பைப் பாதிக்கும் என்பதால் ஐந்து வீடுகளில் வரிசையை மாற்றினோம். பெரும்பாலோர் பழைய விகிதத்தையே நல்ல காபி என்றார்கள். பிறகு பழைய விகிதக் காபியையே இரண்டு டம்ளர்களிலும் ஊற்றி, ஒன்றின் அருகில் மட்டும் நிறுவனத்தின் பாக்கெட்டை வைத்தோம். பாக்கெட் இருந்த பக்கத்து டம்ளரை “இது கொஞ்சம் லைட்” என்று சிலர் சொன்னது என்னை உண்மையாகவே கவலைப்படுத்தியது. குறை தூளைத் தாண்டிப் பெயருக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அறிகுறி. பெயர் நாக்கின் தீர்ப்பை மாற்றும் என்பது பழைய செய்திதான். 1964இல் ஆலிசன், யூல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட பீர் ஆய்வில், லேபிள் இல்லாதபோது தாங்கள் வழக்கமாகக் குடிக்கும் பீரை அடையாளம் காண முடியாதவர்கள், லேபிளைப் பார்த்ததும் அதற்கே கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். அங்கே பெயர் சுவையை உயர்த்தியது; எங்கள் ஊரில் தாழ்த்திக்கொண்டிருந்தது. பத்து வீடுகள் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஆகவே திசையை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், சதவீதம் கணக்கிடக் கூடாது என்று உரிமையாளரிடம் சொல்லிவைத்தேன்.

கடைசியாக வாடிக்கைப் பற்று. திரும்பத் திரும்ப வாங்குவதையெல்லாம் பற்று என்று எண்ணிவிடக் கூடாது. மளிகைக் கடையில் மாதக் கணக்கு வைத்திருப்பவர், கடைக்காரர் கட்டிக் கொடுக்கும் தூளைத்தான் வாங்குவார். அந்தப் பற்று கடைக்காரரின் மேல் உள்ளது. “விலை கூடினாலும் வாங்குவீர்களா?” என்று கேட்டால் மரியாதைக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் நடந்ததைக் கேட்க வேண்டும்: சென்ற முறை கடையில் இந்தத் தூள் இல்லாதபோது என்ன செய்தீர்கள்? “இருந்ததை வாங்கிக்கிட்டேன்” என்பது ஒரு பதில். “வேறு கடைக்குப் போனேன்” என்பது இன்னொரு பதில். இரண்டாவது பதில் சொன்னவர்கள் ஐந்தாறு பேர்தான், அவர்களும் பெரும்பாலும் வயதானவர்கள். பொருள் கண்ணில் படாத காலத்திலும் நிலைத்திருக்கும் பற்றுக்கு 2015இல் மேகி நூடுல்ஸ் ஒரு சாட்சி. அந்த ஆண்டு ஜூனில் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும்படி உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நவம்பரில் மீண்டும் கடைக்கு வந்தது. ஐந்து மாதங்கள் கிடைக்காமல் இருந்தும், பிறகு அந்தச் சந்தையில் முதலிடத்தை அது மீட்டுக்கொண்டது. தரத்தின் மேலேயே கேள்வி எழுந்த பிறகும் பற்று தாங்கிப் பிடித்தது. எங்கள் காபித்தூளுக்கு அப்படித் தாங்கும் அளவுக்குப் பற்று மிச்சமில்லை என்பதால், உணரப்படும் தரத்தைச் சரிசெய்வதில் தாமதிக்க முடியாது என்று தோன்றியது.

பழைய விகிதத்துக்கே முழுவதுமாகத் திரும்பிவிடலாம் என்றார் உரிமையாளர். அதை நான் தடுத்தேன். புதிய தூளின் மணத்தை விரும்பி வந்த இளம் குடும்பங்கள் சில இருந்தன. இரண்டையும் தனித்தனி நிறப் பாக்கெட்டில், விகிதத்தை முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டு விற்கலாம் என்று முடிவானது. எண்பதுக்கு இருபது பாக்கெட்டில் “ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போடவும், கொதிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றவும்” என்று இரண்டு வரி சேர்த்தோம். விளம்பரப் பணத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து, கடை வாசலில் காலை ஆறு முதல் ஒன்பது வரை இரண்டு தூளிலும் காபி போட்டுக் கொடுக்க ஓர் ஆளை வைத்தோம்.

ஆறு மாதம் கழித்து அதே தெருக்களுக்கு மீண்டும் சென்றோம். பெயர் அறிமுகம் இருந்த இடத்திலேயே இருந்தது. ‘தண்ணியா இருக்கு’ என்ற சொல் இரண்டு வீடுகளில் மட்டும் கேட்டது. பற்று பற்றிய பதில்கள் அதிகம் மாறவில்லை. டிகாஷன் மீண்டும் பிடித்துப்போன வீடுகளிலும், கடையில் தூள் இல்லாவிட்டால் இருந்ததைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஓர் ஆண்டுக்கு மளிகைக் கடைகளில் இரண்டு பாக்கெட்டும் ஒரு நாள்கூடத் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதையே உரிமையாளர் முதல் வேலையாக எடுத்துக்கொண்டார். பித்தளை பில்டர் வைத்திருந்த அந்த அம்மா பழைய விகிதப் பாக்கெட்டுக்குத் திரும்பியிருந்தார். “இப்பதான் சரியா அரைக்கிறாங்க” என்றார்.