பேட்ரியட் வண்டிக்குள் இருந்த மனிதர்கள்

2003 மார்ச் 23 அதிகாலை. ஈராக் மீதான போர் தொடங்கிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பிரிட்டிஷ் விமானப்படையின் டொர்னாடோ விமானம் ஒன்று தன் வேலையை முடித்துக்கொண்டு குவைத்தில் உள்ள அலி அல் சலேம் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தரையிறங்குவதற்காக அது உயரத்தைக் குறைத்தபோது, எல்லைக்கு அருகே நின்றிருந்த அமெரிக்க பேட்ரியட் ஏவுகணைப் படைப்பிரிவின் திரையில் அது விமானமாகத் தெரியவில்லை. ராடாரைத் தாக்க வரும் ஏவுகணையாகத் தெரிந்தது. முடிவெடுக்க அந்தக் குழுவுக்குக் கிடைத்தது சுமார் ஒரு நிமிடம். அவர்கள் சுட்டார்கள். டொர்னாடோவில் இருந்த இருவரும் இறந்தார்கள்.

"மனிதக் கட்டுப்பாடு இல்லாமல் எந்த ஆயுதமும் சுடக்கூடாது" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தச் சம்பவம்தான் ஞாபகம் வரும். இங்கே மனிதர் இருந்தார். பயிற்சி பெற்றவர், விழித்திருந்தார், சுடு என்று முடிவெடுத்ததும் அவர்தான். பிறகு தவறு எங்கே நடந்தது?

அதற்கு பேட்ரியட் எப்படி யோசிக்கிறது என்று கொஞ்சம் பார்க்கவேண்டும். பேட்ரியட் என்பது ஒரு ராடார், சில ஏவுகருவிகள், லாரியின் மேல் ஏற்றப்பட்ட ஒரு கட்டுப்பாட்டு அறை. அந்தச் சின்ன அறைக்குள் இரண்டு மூன்று பேர் திரைமுன் உட்கார்ந்திருப்பார்கள். வானத்தை அவர்கள் நேரடியாகப் பார்ப்பதே இல்லை. ராடார் ஒரு பொருளின் வேகம், உயரம், எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதையெல்லாம் அளக்கிறது. அந்த அளவுகளை மென்பொருள் தன்னிடமுள்ள விதிகளோடு ஒப்பிட்டு, இது விமானம், இது பாலிஸ்டிக் ஏவுகணை, இது ராடாரைத் தேடிவரும் ஏவுகணை என்று பெயர் சூட்டுகிறது. திரையில் வருவது அந்தப் பெயர்தான். பொருளைப் பார்த்து மனிதர் முடிவெடுக்கிறார் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், இயந்திரம் ஏற்கெனவே எடுத்துவிட்ட ஒரு முடிவைப் பார்த்துத்தான் அவர் முடிவெடுக்கிறார்.

ராடாரைத் தேடிவரும் ஏவுகணைக்கான விதிகள் மிக அகலமாக எழுதப்பட்டிருந்தன. உலகெங்கும் உள்ள பலவகை ஏவுகணைகளும் அதற்குள் அடங்கவேண்டும் என்பது நோக்கம். ஈராக்கிடம் இருந்து என்ன வரக்கூடும் என்று பார்த்து அவற்றை இறுக்கவில்லை. வலைக்கண் பெரிதாக இருந்தால் மீன் தப்பும், சிறிதாக இருந்தால் கண்டதெல்லாம் மாட்டும். தன்னை நோக்கி இறங்கிவந்த ஒரு நட்புநாட்டு விமானம் இங்கே மாட்டியது.

இப்படி நடக்கக்கூடாது என்பதற்காகவே இரண்டு காப்புகள் உண்டு. ஒன்று, "நான் உங்கள் ஆள்" என்று ரகசியக் குறியீட்டில் பதில் சொல்லும் கருவி. பேட்ரியட் கேட்டது, டொர்னாடோவிடமிருந்து பதில் வரவில்லை. விமானத்தில் இருந்த அந்தக் கருவி பழுதாகியிருக்கலாம், அது விமானிகளுக்கே தெரிந்திருக்காது என்று பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தின் விசாரணை பின்னர் சொன்னது. இரண்டாவது காப்பு, தலைமையகத்தோடும் பக்கத்துப் படைப்பிரிவுகளோடும் பேசிச் சரிபார்ப்பது. ஆனால் இந்தப் பிரிவின் தகவல்தொடர்புக் கருவிகள் அமெரிக்காவிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அருகிலிருந்த இன்னொரு பிரிவின் வழியாக ரேடியோவில்தான் பேசமுடிந்தது. அதே விசாரணை இன்னொன்றையும் குறித்தது. குழுவுக்கு முழுப் பயிற்சி இருந்தது, ஆனால் பொதுவான ஆபத்துகளை அடையாளம் காணத்தான் அந்தப் பயிற்சி. பொய் எச்சரிக்கையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில் அது கவனம் வைக்கவில்லை.

சரி, இது மனிதர் சுட்ட கதை. பத்து நாட்களில் இயந்திரம் சுட்ட கதையும் வந்தது. ஏப்ரல் 2 அன்று இன்னொரு பேட்ரியட் பிரிவின் திரையில் பாலிஸ்டிக் ஏவுகணை ஒன்று வருவதாகக் காட்டியது. அப்படி எதுவும் வானத்தில் இல்லை. டொர்னாடோ விபத்துக்குப் பிறகு எச்சரிக்கையாக ஏவுகருவிகளை ஓய்வுநிலையில்தான் வைத்திருந்தார்கள். அவற்றைத் தயார்நிலைக்குக் கொண்டுவரும்படி உத்தரவு வந்தது. சுடச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. ஆனால் அமைப்பு தானியங்கி நிலையில் இருந்தது. ஏவுகருவிகள் தயாரானதும், இலக்கு என்று தான் நம்பியதை நோக்கி அது ஏவுகணைகளை அனுப்பிவிட்டது. அமெரிக்கக் கடற்படையின் எஃப்-18 விமானம் ஒன்று வீழ்ந்தது, விமானி இறந்தார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் மனிதர் முடிவெடுத்தார், மற்றதில் எடுக்கவில்லை. விளைவு ஒன்றுதான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஆலோசனை சொல்லும் அறிவியல் குழு 2005-இல் இதை ஆராய்ந்தபோது, பேட்ரியட்டை இயக்கும் முறையே பெரிதும் தானியங்கித் தன்மை கொண்டது, மென்பொருளை நம்பும்படிதான் இயக்குபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்படுகிறது என்று எழுதியது.

"அர்த்தமுள்ள மனிதக் கட்டுப்பாடு" என்ற சொல்லாட்சி பிறந்தது இந்த இடைவெளியைச் சுட்டத்தான். ஆர்ட்டிகிள் 36 என்ற பிரிட்டிஷ் தன்னார்வ அமைப்பு 2013 வாக்கில் இதைப் பேச்சில் கொண்டுவந்தது. இதில் கனமான சொல் "அர்த்தமுள்ள" என்பதுதான். டொர்னாடோவைச் சுட்டவரிடம் பெயரளவில் கட்டுப்பாடு இருந்தது. இயந்திரம் சொல்வதைச் சந்தேகிக்க நேரம் இல்லை. அந்தத் திரைக்கு வெளியே நம்பக்கூடிய தகவல் இல்லை. "இல்லை, நான் சுடமாட்டேன்" என்று சொன்னால், அது உண்மையான ஏவுகணையாக இருக்கும்பட்சத்தில் சாவது அவரும் அவருடைய குழுவும்தான். நேரம், தகவல், மறுக்கும் வாய்ப்பு ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் பொத்தானை மனிதரிடம் கொடுப்பது, என் பார்வையில், பழிபோட ஓர் ஆளை உட்காரவைப்பதற்குச் சமம்.

அதனால்தான் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் 2021-இல் தன் நிலைப்பாட்டைச் சொன்னபோது கடைசி நொடிப் பொத்தானைப் பற்றி அதிகம் பேசவில்லை. என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்லமுடியாத ஆயுதங்களைத் தடை செய்யுங்கள், மனிதர்களையே இலக்காக எடுக்கும் தன்னாட்சி ஆயுதங்களைத் தடை செய்யுங்கள் என்றது. மிச்சமுள்ளவற்றுக்கு, எந்த வகை இலக்கு, எவ்வளவு நேரம், எந்த எல்லைக்குள், எத்தனை முறை என்று வரம்பு போடச் சொன்னது. நடுக்கடலில், பொதுமக்கள் இல்லாத இடத்தில், தன் கப்பலை நோக்கி வரும் ஏவுகணையை மட்டும் சில நிமிடங்களுக்குச் சுடும் துப்பாக்கி ஒன்று. நகரத்துக்குமேல் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே ஆளைத் தேடும் ட்ரோன் இன்னொன்று. இரண்டும் தாமாகவே இலக்கைத் தேர்கின்றன, ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கமுடியாது.

நேரத்துக்கும் இடத்துக்கும் வரம்பில்லாத ஆயுதம் என்னவாகும் என்பதை வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. மிதிவெடியும் ஒரு விதத்தில் தானாகச் சுடும் ஆயுதம்தான். அதன் ஒரே விதி எடை. மிதித்தவர் சிப்பாயா, மாடு மேய்க்கும் சிறுவனா என்று அதற்குத் தெரியாது, போர் முடிந்ததும் தெரியாது. ஆட்களைக் குறிவைக்கும் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கை 1997-இல் வந்தது. இலங்கை அதில் சேர்ந்தது 2017-இல்.

இனி, இப்படித் தடையும் வரம்பும் போடுவதை எதிர்ப்பவர்களின் தரப்பு. அவர்கள் சொல்வதை ஒதுக்கிவிடமுடியாது.

முதல் வாதம், மனிதர்கள் மட்டும் ஒழுங்கா என்பது. 1988 ஜூலை 3 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஈரானியப் பயணிகள் விமானம் ஒன்றைப் போர்விமானம் என்று நினைத்துச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தார்கள். விமானம் மேலேறிக்கொண்டிருந்தது, கப்பலின் கணினியும் அதைத்தான் பதிவுசெய்திருந்தது. பதற்றத்தில் இருந்த மனிதர்கள்தான் அது தாக்குவதற்காக இறங்குகிறது என்று நம்பினார்கள். இயந்திரத்துக்குப் பயமில்லை, பழிவாங்கும் வெறியில்லை, அதனால் ஒருநாள் அது மனிதரைவிடக் குறைவாகத் தவறு செய்யலாம் என்பது இந்த வாதம். நடக்கலாம்தான். ஆனால் தவறுகளின் எண்ணிக்கை மட்டுமல்ல, அவை பரவும் விதமும் முக்கியம். ஒரு மாலுமியின் பதற்றம் ஒரு கப்பலோடு நிற்கும். மென்பொருளில் அகலமாக எழுதப்பட்ட ஒரு விதி, அந்த மென்பொருள் ஓடும் எல்லா இடத்திலும் இருக்கும்.

இரண்டாவது வாதம் போர்க்களத்திலிருந்தே வருகிறது. உக்ரைனில் இரு தரப்பும் ரேடியோ அலைகளைக் குழப்பி ட்ரோன்களைச் செயலிழக்க வைக்கின்றன. ட்ரோனுக்கும் இயக்குபவருக்கும் இடையிலான தொடர்பு, இலக்கை நெருங்கும் நேரத்தில்தான் அறுந்துபோகிறது. அதனால், மனிதர் குறித்துக்கொடுத்த இலக்கை கேமராவில் பிடித்துக்கொண்டு கடைசித் தூரத்தைத் தானே பறக்கும் ட்ரோன்கள் வந்துவிட்டன. உயிருக்குப் போராடும் ஒரு நாட்டிடம் இதைச் செய்யாதே என்று சொல்வது கடினம். எதிரி ஒப்பந்தத்தை மதிப்பான் என்று அதற்கு யார் உறுதி கொடுப்பது?

மூன்றாவது வாதம், தடையை மீறினால் கண்டுபிடிக்கவே முடியாது என்பது. இதுதான் எனக்கு மிகப் பலமாகப் படுகிறது. அணுகுண்டைச் சோதித்தால் பூமி அதிரும், வேதி ஆயுதம் மிச்சம் விட்டுப்போகும். பேட்ரியட்டில் மனிதர் சுடும் நிலைக்கும் தானாகச் சுடும் நிலைக்கும் உள்ள வித்தியாசம் வண்டிக்குள் இருக்கும் ஓர் அமைப்பு மாற்றம், அவ்வளவுதான். வெளியிலிருந்து எந்தக் கண்காணிப்பாளர் அதைப் பார்ப்பார்? புதிய ஒப்பந்தம் தேவையில்லை, இருக்கும் போர்ச் சட்டமே போதும் என்று சில நாடுகள் சொல்வதற்குப் பின்னாலும் இந்தக் கணக்கு உண்டு. ஆனால் மேலே சொன்ன இட, நேர, இலக்கு வரம்புகளுக்கு இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு. ஒரு ஆயுதம் எங்கே பறந்தது, எவ்வளவு நேரம் பறந்தது, எதைத் தாக்கியது என்பதற்குக் களத்திலேயே தடயம் கிடைக்கும்.

தானாகச் சுடும் ஆயுதங்களுக்கு விதி வகுப்பதைப் பற்றி ஜெனீவாவில் 2014 முதல் நாடுகள் பேசிவருகின்றன. அங்கே முடிவுகள் ஒருமனதாக எடுக்கப்படவேண்டும், ஆக ஒரு நாடு மறுத்தாலும் வண்டி நகராது. இதற்காக அங்கே அமைக்கப்பட்ட நிபுணர் குழுவின் முதல் கூட்டத்தை 2017-இல் தலைமை தாங்கி நடத்தியது ஓர் இந்தியத் தூதர்தான். ஆனால் 2023 டிசம்பரில் ஐநா பொதுச்சபை இதுகுறித்த முதல் தீர்மானத்தை 152 வாக்குகளோடு நிறைவேற்றியபோது, எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் ரஷ்யாவோடு இந்தியாவும் இருந்தது. கட்டாயச் சட்டத்துக்கு இன்னும் காலம் வரவில்லை, பேச்சு ஜெனீவாவிலேயே நடக்கட்டும் என்பது டெல்லியின் நிலை. ஐநா பொதுச்செயலரும் செஞ்சிலுவைச் சங்கத் தலைவரும் 2026-க்குள் ஒப்பந்தம் வேண்டும் என்று அதே ஆண்டு கூட்டாகக் கேட்டிருந்தார்கள்.

இந்தப் பேச்சில் ஒரு சொல்மேல் நீண்ட சண்டை நடக்கிறது. பலர் "கட்டுப்பாடு" என்று எழுதக் கேட்கிறார்கள். அமெரிக்கா 2012-இல் தன் படைகளுக்கு எழுதிய விதியில் இருப்பது "தகுந்த அளவு மனிதத் தீர்மானம்", கட்டுப்பாடு என்ற சொல் அந்த இடத்தில் இல்லை. வெறும் வார்த்தை விளையாட்டு என்று தோன்றும். ஏப்ரல் 2 அன்று ஏவுகருவிகளைத் தயார்நிலைக்குக் கொண்டுவரச் சொன்னவர் யோசித்து, தன் தீர்மானத்தின்படிதான் உத்தரவிட்டார். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவர் கட்டுப்பாட்டில் இல்லை.