செமன் ரிப்போர்ட்ல கவுண்ட் கம்மின்னா ஆண்மை கம்மின்னு அர்த்தமா?

சென்னைல ஒரு லேப்ல பன்னெண்டு வருஷமா செமன் டெஸ்ட், அதாவது விந்து பரிசோதனை பாக்குறது என் வேல. ரிப்போர்ட்ட கைல வாங்கினதும் முக்காவாசி பேர் கவுண்டர்ல நின்னுக்கிட்டே மெதுவா கேக்குற கேள்வி ஒண்ணுதான், "சார், அப்ப எனக்கு ஆண்மை கம்மியா?" பீச் ஸ்டேஷன்ல இருந்து தாம்பரம் வர ட்ரெய்ன்ல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர் எல்லாம் விந்தணு கவுண்ட்டையும் ஆண்மையையும் ஒண்ணாக்கி ஒரே வார்த்தைல சொல்லி பழக்கிடுச்சு. ஆனா உடம்புக்குள்ள இது ரெண்டும் வேற வேற வேல, பல நேரம் ஒண்ணு கெட்டா இன்னொண்ணுக்கு அது தெரியவே தெரியாது. இத புரிஞ்சுக்க, விதைக்கு மேல இருக்குற சிரைங்க வீங்கி சுருண்டு போற வெரிகோசில விட நல்ல உதாரணம் எனக்கு தெரிஞ்சு இல்ல.

ஒருத்தரோட கதைய சொல்றேன், ஆள் யாருன்னு தெரியாத மாதிரி விவரத்த மாத்திருக்கேன். அம்பத்தூர் எஸ்டேட்ல வேல, வயசு 32, கல்யாணமாகி ரெண்டரை வருஷம், சொந்தக்காரங்க எல்லாரும் "விசேஷம் ஏதாச்சும் உண்டா"ன்னு கேட்டு கேட்டு அந்த வீட்ல யாரும் கல்யாணம் காட்சிக்கே போறதில்ல. தாம்பத்தியத்துல ஒரு பிரச்சனையும் இல்ல, அத அவரே மூணு தடவ சொன்னாரு. வேற ஒரு இடத்துல எடுத்த ரிப்போர்ட்டோட வந்தாரு. அளவு 0.9 மில்லி, கவுண்ட் மில்லிக்கு 4 மில்லியன், அதாவது 40 லட்சம். பாத்ததும் எனக்கு கண்ணுல பட்டது கவுண்ட் இல்ல, அந்த 0.9தான். ஏன்னா வெளிய வர்ற விந்துல விந்தணுவோட பங்கு ரொம்ப ரொம்ப கம்மி, முக்கால்வாசி செமினல் வெசிக்கிள்னு ஒரு சுரப்பில இருந்து வருது, மீதில பெரும்பங்கு ப்ராஸ்டேட்ல இருந்து வருது. அதனாலதான் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணவங்களுக்கும் விந்து பாக்க அதே மாதிரிதான் இருக்கும், ஒரு விந்தணு கூட இருக்காது. கெட்டியா இருக்கு, தண்ணியா இருக்குன்னு கண்ணால பாத்து கவுண்ட் சொல்ல யாராலயும் முடியாது.

அளவு திடீர்னு கம்மியா இருந்தா நான் மொதல்ல கேக்குறது, "எல்லாத்தையும் டப்பால புடிச்சீங்களா?" அவரு கொஞ்ச நேரம் தலைய குனிஞ்சுட்டு, "மொதல்ல வந்தது கீழ கொட்டிருச்சு சார், சொல்ல கூச்சமா இருந்துச்சு"ன்னாரு. விந்தணு அதிகமா இருக்குறதே அந்த மொத துளிகள்லதான். அது போச்சுன்னா மீதிய எண்ணி பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணும் கேட்டேன், ரெண்டு மூணு மாசத்துல ஜுரம் ஏதும் வந்துச்சான்னு. நவம்பர் மழைல டெங்கு வந்து ஒரு வாரம் படுத்திருக்காரு. ஒரு விந்தணு உருவாக 70 நாளுக்கு மேல ஆகும், அப்புறம் அது குழாய்ல முதிர்ந்து வெளிய வர இன்னும் பத்து பன்னெண்டு நாள், ஆக இன்னைக்கு டப்பால இருக்குறது கிட்டத்தட்ட மூணு மாசத்துக்கு முந்தி ஆரம்பிச்ச சரக்கு. நல்ல ஜுரம் அடிச்சா அதோட கணக்கு அடுத்த ரெண்டு மூணு மாசம் ரிப்போர்ட்ல தெரியும். அதனால அந்த ரிப்போர்ட்ட ஓரமா வைங்க, ஜுரம் முடிஞ்சு மூணு மாசம் ஆனப்புறம் வாங்கன்னு சொல்லி அனுப்பினோம்.

திரும்ப வந்தப்ப மூணு நாள் இடைவெளி விட்டு வந்தாரு. ரெண்டு நாளுக்கு குறையக்கூடாது, ஏழு நாளுக்கு மேலயும் போகக்கூடாது, நிறைய நாள் சேத்து வச்சா நல்லா வரும்னு நெனச்சு இருபது நாள் விட்டுட்டு வர்றவங்க இருக்காங்க, எண்ணிக்கை ஏறும் ஆனா ஓடுற அணுக்கள் விகிதம் குறஞ்சிரும். சாம்பிள் இங்கயே எடுத்தா நல்லது, வீட்ல எடுத்தா ஒரு மணி நேரத்துக்குள்ள, சட்டைக்குள்ள உடம்பு சூட்டுல வச்சு கொண்டுவரணும். ஒருத்தர் கெட்டுப்போயிடக்கூடாதேன்னு ஐஸ் பேக் வச்சு கொண்டுவந்தாரு, பாவம், எல்லாம் அசையாம கெடந்துச்சு.

வந்தப்ப கூழ் மாதிரி இருக்குற விந்து இருபது முப்பது நிமிஷத்துல தானா இளகும், அப்புறம்தான் பாக்கணும். நாங்க பாக்குறது மேக்லர் சேம்பர்னு ஒரு குட்டி கண்ணாடி தட்டு, அதுல நூறு கட்டம் இருக்கும், ஒரு சொட்டு வச்சு மூடிட்டு மைக்ராஸ்கோப்ல பத்து கட்டத்துல இருக்குற தலைகள எண்ணினா அந்த எண்ணே மில்லிக்கு எத்தன மில்லியன்னு ஆயிரும். அன்னைக்கு அவரோட பத்து கட்டத்துல ஒன்பது. அதுல நேரா முன்னால ஓடுனது 20 சதவீதம், மத்ததுல சிலது நின்ன எடத்துலயே வாலை ஆட்டிக்கிட்டு இருந்துச்சு, சிலது சும்மா கெடந்துச்சு. அளவு 3 மில்லி. இந்த மூணையும் பெருக்கினா மொத்தம் 5.4 மில்லியன் ஓடுற அணு. கவுண்ட்ட மட்டும் பாக்காம இந்த பெருக்கல பாக்குறதுதான் உருப்படியான வழி.

ரிப்போர்ட்ல ஓரத்துல 16 மில்லியன், 30 சதவீதம் முன்னேறி ஓடணும்னு போட்டிருக்கும். அது உலக சுகாதார நிறுவனம் 2021ல வெளியிட்ட கையேட்டுல இருக்குற எண்ணு. அத பாஸ் மார்க்குன்னு நெனச்சுக்கிறாங்க, அப்படி இல்ல. ஒரு வருஷத்துக்குள்ள மனைவி கர்ப்பமான ஆண்கள எடுத்து வரிசைல நிக்க வச்சா கடைசி அஞ்சு சதவீதம் பேர் இந்த எண்ணுக்கு கீழ இருந்தாங்க, ஆனா அவங்களும் அப்பா ஆனவங்கதான். அதனால கீழ இருந்தா முடியாதுன்னு இல்ல, மேல இருந்தா கட்டாயம்னும் இல்ல. ஒருத்தருக்கே வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், அதான் சில வாரம் விட்டு இன்னொரு தடவையும் எடுக்க சொல்றது. அவருக்கு அடுத்த தடவையும் அதே கணக்குதான் வந்துச்சு, ஆக கொறைச்சல் நிஜம்.

அடுத்து யூராலஜி டாக்டர். நிக்க வச்சு, இடது விதைக்கு மேல விரலால தொட்டுக்கிட்டே மூச்ச அடக்கி முக்க சொல்லிருக்காரு. முக்காமயே கைக்கு தட்டுப்பட்டுச்சு, ஒரு பைக்குள்ள மண்புழு நெளியுற மாதிரி சுருண்ட ரத்தக்குழாய். அதுதான் வெரிகோசில், அவருக்கு கிரேடு 2. முக்கினா மட்டும் தட்டுப்பட்டா 1, கண்ணாலயே தெரிஞ்சா 3. இடது விதை வலதை விட கொஞ்சம் சின்னதாவும் இருந்திருக்கு.

இடது பக்கம்தான் ஏன் அதிகமா வருதுன்னா குழாய் போற வழி அப்படி. வலது விதைல இருந்து வர்ற சிரை வயித்துல இருக்குற பெரிய சிரைல சாய்வா போய் சேருது. இடதுல இருந்து வர்றது இன்னும் மேல ஏறி சிறுநீரக சிரைல செங்குத்தா போய் முட்டுது. உள்ள இருக்குற வால்வு பலமில்லாம போனா, மழைக்காலத்துல பெரிய கால்வாய் ரொம்பி வேளச்சேரி தெருவுல வடிகால் தண்ணி எதுத்துக்கிட்டு திரும்ப வருமே, அந்த மாதிரி ரத்தம் கீழ இறங்கி தேங்குது. விதை உடம்ப விட ரெண்டு மூணு டிகிரி குளுமையா இருக்கணும், அதுக்காகத்தான் வெளிய தொங்குது. கீழ போற சூடான ரத்தக்குழாய சுத்தி இந்த சிரைங்க பந்தல்ல கொடி படர்ந்த மாதிரி சுத்திக்கிட்டு, சூட்ட வாங்கிக்கிட்டு மேல எடுத்துட்டு போகும். சிரைல ரத்தம் தேங்கினா இந்த குளுமை போச்சு, சூடு ஏறுது, விந்தணு உருவாகுற எடத்துல சேதம் பண்ற ஆக்சிஜன் பொருட்களும் கூடுது.

இங்கதான் நான் சொல்ல வந்தது. விதைக்குள்ள ரெண்டு வேல நடக்குது. நூல் மாதிரி நெளிஞ்ச குழாய்ங்க சுவத்துல விந்தணு உருவாகுது. அந்த குழாய்ங்களுக்கு நடுவுல இருக்குற சந்துல லேடிக் செல்லுங்க டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன தயாரிக்குது. சூடுக்கு மொதல்ல அடிவாங்குறது குழாய்தான், லேடிக் செல் பெரும்பாலும் தாங்கிக்கும். அதனாலதான் அவருக்கு ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன் நார்மல், ஆசையும் விறைப்பும் நார்மல், கவுண்ட் மட்டும் ஒன்பது. எதிர்பக்கமும் உண்டு. போன வருஷம் ஒருத்தருக்கு கவுண்ட் 70 மில்லியன், ஆனா பத்து வருஷ சுகர் ரத்தக்குழாயையும் நரம்பையும் கெடுத்து விறைப்பு வரல. அவருக்கு என் மைக்ராஸ்கோப் சொல்ல ஒண்ணுமே இல்ல. விறைப்பு ரத்த ஓட்டம், நரம்பு, மனசு சம்பந்தப்பட்டது, செமன் டெஸ்ட் அத அளக்கவே இல்ல.

இத கொழப்பிக்கிறதால வர்ற பெரிய ஆபத்து, கவுண்ட் கம்மின்னதும் ஆண்மைக்குன்னு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கிறது. ஜிம்ல யாராச்சும் சொல்லி போடுறாங்க. வெளிய இருந்து ஊசி போனா மூளை இங்க போதுமான அளவு இருக்குன்னு நெனச்சு விதைக்கு அனுப்புற எல்எச், எஃப்எஸ்எச் சிக்னல நிறுத்திரும், விதைக்குள்ள இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் வத்திப்போய் விந்தணு உற்பத்தி படுத்துரும். உடம்பு முறுக்கா இருக்கும், ஆனா பல பேருக்கு கட்டத்துல ஒரு தலை கூட இருக்காது. நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்கு திரும்ப வரும், ஆனா மாசக்கணக்குல ஆகும். குழந்தை வேணும்னு இருக்குறவங்க இத தொடவே கூடாது, இதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல.

வெரிகோசில் இருந்தாலே ஆபரேஷனும் இல்ல. ஆண்கள்ல கிட்டத்தட்ட நூத்துல 15 பேருக்கு இது இருக்கு, நிறைய பேர் புள்ள குட்டியோட நல்லாதான் இருக்காங்க. கைக்கு தட்டுப்படாம ஸ்கேன்ல மட்டும் தெரியுறத வெட்டுறதால பலன் இல்ல, ஆனா ஸ்கேன் ரிப்போர்ட்ட மட்டும் காட்டி பயமுறுத்துறது நடக்குது, வருத்தமா இருக்கு. கைக்கு தட்டுப்படணும், செமன் ரிப்போர்ட் கொறஞ்சிருக்கணும், மனைவியோட பக்கமும் பாத்திருக்கணும். இன்னொண்ணு, வலது பக்கம் மட்டும் திடீர்னு வந்தாலோ, படுத்தாலும் அந்த வீக்கம் வடியலன்னாலோ வயித்துல கட்டி ஏதும் சிரைய அழுத்துதான்னு உடனே ஸ்கேன் பாக்கணும்.

அவரோட மனைவிக்கு 28 வயசு, குழாய் அடைப்பு இல்ல, மத்த டெஸ்ட்டும் சரி. அதனால அடிவயித்துல சின்னதா கீறி மைக்ராஸ்கோப் வச்சு அந்த சிரைங்கள மட்டும் கட்டினாங்க, தமனியையும் நிணநீர் குழாயையும் விட்டுட்டாங்க, இல்லன்னா விதை சுருங்கவோ விதைப்பைல தண்ணி சேரவோ வாய்ப்பிருக்கு. மறுநாள் வீடு. மூணாம் மாசம் வந்தப்ப 2.8 மில்லி, 14 மில்லியன், 26 சதவீதம், பெருக்கினா பத்துக்கு கொஞ்சம் மேல. ஆறாம் மாசம் 3 மில்லி, 22 மில்லியன், 35 சதவீதம், 23 மில்லியன். எல்லாருக்கும் இப்படி ஏறாது, மூணுல ஒருத்தருக்கு ஏறாமலே போகலாம்.

கர்ப்பம் இன்னும் நிக்கல. அஞ்சு மில்லியன்ல இருந்தப்ப பேச்சு ஐவிஎஃப் பக்கம் போயிட்டு இருந்துச்சு, இப்ப டாக்டர் இன்னொரு ஆறு மாசம் இயல்பா முயற்சி பண்ணுங்க, அப்பவும் இல்லன்னா விந்தணுவ நேரா கர்ப்பப்பைக்குள்ள செலுத்துற ஐயூஐ பாக்கலாம்னு சொல்லிருக்காரு. போன வாரம் அவரு ரிப்போர்ட்ட வாங்கினப்ப கேட்ட கேள்வி வேற. "சார், இந்த மூணையும் பெருக்கினா எவ்ளோ வருது?"