கண்மாய் வண்டல் அனுமதி: ஏக்கருக்கு 75 கன மீட்டர் சரி, கண்மாயில் இருப்பது எவ்வளவு?

கண்மாயில் படிந்த வண்டலையும் களிமண்ணையும் விவசாயிகள் கட்டணமில்லாமல் அள்ளிக்கொள்ளலாம். 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் இதற்கு இடம் தருகின்றன. 2017-இல் அளவுகள் வரையறுக்கப்பட்டன. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 டிராக்டர் நடை. புஞ்சைக்கு 90 கன மீட்டர், 30 நடை. வீட்டுத் தேவைக்கு 30, மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர். 2024 ஜூனிலிருந்து வட்டாட்சியரே அனுமதி தருகிறார். இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம். உங்கள் வீடோ நிலமோ அந்தக் கண்மாய் இருக்கும் அதே வட்டத்தில் இருக்க வேண்டும். கண்மாயின் பெயர் மாவட்ட அரசிதழ்ப் பட்டியலில் வந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மணல் இந்த அனுமதிக்குள் வராது.

இதெல்லாம் ஊரில் பலருக்கும் தெரிந்ததுதான். கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. 75 கன மீட்டர் என்பது நிலத்தின் அளவை வைத்துச் சொன்ன எண். கண்மாய்க்குள் ஆண்டுக்கு எவ்வளவு வண்டல் வந்து சேர்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருப்பை அளக்காமல் எல்லோரும் அனுமதி வாங்கி வெட்டினால், வண்டல் தீர்ந்த பிறகும் பொக்லைன் நிற்காது. பழைய தரையைத் தோண்டும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே விழும் பள்ளத்தில் தேங்கும் தண்ணீர் வயலுக்கு ஏறாது.

எனவே ஆயக்கட்டுச் சங்கங்கள் விண்ணப்பத்துக்கு முன் செய்ய வேண்டிய கணக்கை ஒரு மாதிரிக் கண்மாயை வைத்துப் பார்ப்போம். ராமநாதபுரம் கடலோரத்தில் வழக்கமாகக் காணும் அளவுகளைக் கொண்டு கணக்குக்காக அமைத்தது இது: கொள்ளளவு 6 லட்சம் கன மீட்டர், ஆயக்கட்டு 300 ஏக்கர் நஞ்சை, கடைசியாகத் தரை தெரியத் தூர்வாரி 12 ஆண்டு ஆகிறது.

அளக்க ஏற்ற காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரை, தரை காய்ந்திருக்கும்போது. 100 மீட்டருக்கு ஒன்றாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் மண்வெட்டியால் சிறு குழி எடுங்கள். வண்டல் ஏடு ஏடாகப் பிரியும், கையில் மாவாக உதிரும். பழைய தரை இறுகிப்போய் இருக்கும், நிறம் மாறும், பல இடங்களில் சுக்கான் கல் தட்டுப்படும். அந்த எல்லை வரைக்கும் அளவுகோலால் அளந்து எழுதுங்கள். சீமைக் கருவேல் அடர்ந்த இடத்தில் வேர் இரண்டு மண்ணையும் கலந்துவிடுவதால் எல்லை தெரியாது. அங்கே குழியைச் சில மீட்டர் தள்ளி எடுப்பதே நல்லது. கடலாடி, முதுகுளத்தூர் பக்கத்துக் கரிசலில் இன்னொரு சிக்கல்: வெடிப்புக்குள் வண்டல் இறங்கிவிடும். வெடிப்பில் அளந்தால் கனம் கூடுதலாகக் காட்டும். இரண்டு வெடிப்புகளுக்கு நடுவில் உள்ள பாளத்தில் அளவெடுங்கள்.

நம் மாதிரிக் கண்மாயில் கரையை ஒட்டிய 8 ஹெக்டேரில் சராசரி 15 செ.மீ., நடுப்பகுதி 20 ஹெக்டேரில் 5 செ.மீ., உள்வாய் மேட்டில் 10 ஹெக்டேரில் 2 செ.மீ. வண்டல் இருக்கிறது என்று கொள்வோம். முறையே 12,000, 10,000, 2,000 கன மீட்டர், மொத்தம் 24,000. இதையே மடைக்குப் பக்கத்தில் நாலு குழி மட்டும் எடுத்து, 15 செ.மீ. என்று 38 ஹெக்டேருக்கும் பெருக்கினால் 57,000 வரும். இரண்டு மடங்குக்கும் மேல் பிழை. அளவெடுப்பில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்.

24,000 கன மீட்டரை 12 ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 2,000 கன மீட்டர். இப்போது அனுமதி அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 300 ஏக்கரும் தன் உரிமையை முழுதாக எடுத்தால் 22,500 கன மீட்டர். 12 ஆண்டு இருப்பு ஏறத்தாழ ஒரே கோடையில் காலி. அடுத்த ஆண்டு புதிதாகச் சேரும் 2,000 கன மீட்டர் 27 ஏக்கருக்குக்கூடச் சரியாக வராது. இந்தக் கண்மாய்க்குப் பொருந்துவது முறை வைத்து எடுப்பதுதான். இருப்பு தீர்ந்த ஆண்டில், சட்டப்படி உரிமை இருந்தாலும் வெட்டுவதற்கு வண்டல் இருக்காது.

அடுத்து, இந்த வண்டல் எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்பது. இதற்குக் கன அளவை எடையாக மாற்ற வேண்டும். 10 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள இரும்பு வளையத்தைக் குலையாமல் வண்டலில் அடித்து இறக்கி, உள்ளிருக்கும் மண்ணை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி எடை போடுங்கள். வளையத்தின் உள்ளளவு 785 கன செ.மீ. உலர் எடை 942 கிராம் என்றால் அடர்த்தி 1.2, அதாவது ஒரு கன மீட்டர் 1.2 டன். ஆண்டுக்கு 2,000 கன மீட்டர் என்பது 2,400 டன்.

வந்த மண் எல்லாம் கண்மாயில் தங்குவதில்லை. கலுங்கில் மறுகால் பாயும்போது கலங்கலோடு ஒரு பங்கு வெளியேறும். தங்கும் பங்கைக் கணிக்க, 1953-இல் புரூன் அமெரிக்க நீர்த்தேக்கங்களை வைத்துப் போட்ட வளைகோடு பயன்படுகிறது. கொள்ளளவை ஆண்டு நீர்வரத்தால் வகுத்த விகிதம்தான் அதற்கு வேண்டியது. TE என்பது தங்கும் பங்கு விழுக்காட்டில், C கொள்ளளவு, I ஆண்டு நீர்வரத்து. அதன் எளிய வடிவம்:

```
TE = 100 × (1 − 0.05 / √(C/I))
```

நீர்வரத்துக்கு நீர்ப்பிடிப்புப் பரப்பு தேவை. இந்த மாவட்டத்தில் தடுக்கி விழும் இடம் இதுதான். நம் கண்மாய்கள் சங்கிலித் தொடர். மேல் கண்மாயின் மறுகால் கீழ்க் கண்மாய்க்கு வரும். கடைசிக் கண்மாயின் மறுகால் கடலுக்குப் போகும். பதிவேட்டில் மொத்த நீர்ப்பிடிப்பு, தனி நீர்ப்பிடிப்பு என்று இரண்டு எண்கள் இருக்கும். மேல் கண்மாய் தன் பகுதி மண்ணின் பெரும்பங்கைத் தானே பிடித்துக்கொள்கிறது. ஆகவே வண்டல் கணக்குக்குத் தனி நீர்ப்பிடிப்பை எடுக்க வேண்டும். நம் மாதிரியில் மொத்தம் 30 சதுர கி.மீ., தனி 12 சதுர கி.மீ. மொத்தத்தை எடுத்து வகுத்தால் மண் அரிப்பு உண்மையான அளவில் பாதிகூட இல்லை என்று தோன்றும்.

ஆண்டு மழை 800 மி.மீ., அதில் ஓடிவருவது 12 விழுக்காடு என்று கொண்டால், 12 சதுர கி.மீ.க்கு ஏறத்தாழ 11.5 லட்சம் கன மீட்டர். 6-ஐ 11.5-ஆல் வகுத்தால் 0.52, தங்கும் பங்கு 93 விழுக்காடு. மேல் கண்மாய் மறுகால் பாயும் ஆண்டுகளில் நீர்வரத்து கூடும், இந்தப் பங்கு சற்றுக் குறையும். 2,400-ஐ 0.93-ஆல் வகுத்தால் வந்த மண் ஆண்டுக்கு 2,580 டன். அதைத் தனி நீர்ப்பிடிப்பான 12 சதுர கி.மீ.க்கு வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 215 டன். வண்டல் ஈட்டம் என்பது இந்த எண்தான்.

இதே 12 ஆண்டுக்குள் மேலே தடுப்பணை கட்டியிருந்தால், அதற்குப் பின்னால் தேங்கிய மண்ணையும் இதோடு கூட்ட வேண்டும். அதை விட்டுவிட்டால் ஈட்டம் குறைவாக வரும்.

தடுப்பணை கட்டினால் கண்மாய் தூர்ந்துபோகாது என்று கிராம சபையில் அடிக்கடி சொல்கிறார்கள். எவ்வளவு உண்மை? வரத்துக்காலின் குறுக்கே 1 மீட்டர் உயரத் தடுப்பணை, வாய்க்கால் அகலம் 10 மீட்டர், சரிவு ஆயிரத்துக்கு மூன்று. தண்ணீர் 330 மீட்டர் தூரம் பின்னோக்கித் தேங்கும். ஆப்பு வடிவம் என்பதால் கொள்ளளவு 1,650 கன மீட்டர். இதற்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்பு 5 சதுர கி.மீ. இவ்வளவு சிறிய தேக்கத்துக்குப் புரூன் கோடு பொருந்தாது. 1943-இல் பிரவுன் கொடுத்த சூத்திரத்தை எடுக்கிறோம். கொள்ளளவு C கன மீட்டரில், நீர்ப்பிடிப்பு W சதுர கிலோமீட்டரில்:

```
TE = 100 × (1 − 1 / (1 + 0.0021 × D × C/W))
```

D என்பது மண்ணின் பருமனையும் நீர் தேங்கும் நேரத்தையும் பொறுத்து 0.046 முதல் 1 வரை. சராசரிக்கு 0.1. அப்படிப் போட்டால் நம் தடுப்பணை பிடிப்பது 6.5 விழுக்காடுதான். வருவது முழுக்கப் பருமணல் என்றால் (D = 1) 41 விழுக்காடு; மென்களி என்றால் (D = 0.046) 3 விழுக்காடு. 5 சதுர கி.மீ.யிலிருந்து ஆண்டுக்கு வருவது 1,075 டன், அதில் 6.5 விழுக்காடு 70 டன். கண்மாய்க்கு வரும் 2,580 டன்னில் இது 3 விழுக்காட்டுக்கும் குறைவு.

மூன்று தடுப்பணை வரிசையாகக் கட்டினால் மும்மடங்கு என்று எண்ண வேண்டாம். முதலாவது மணலைப் பிடித்துவிடும். அடுத்ததற்கு வருவது அதைவிட மென்மையான மண், அதனால் பிடிக்கும் பங்கு இன்னும் குறையும். பாதி தூர்ந்த தடுப்பணையில் கொள்ளளவு 825 கன மீட்டர் ஆகிறது, 6.5 என்பது 3.3 ஆகிவிடுகிறது. திட்ட அறிக்கையில் கட்டிய ஆண்டின் எண்ணையே பத்து ஆண்டுக்கும் பெருக்கியிருந்தால் அதைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள்.

தடுப்பணை வீண் என்று சொல்லவில்லை. அதன் வேலை வேறு: வாய்க்கால் அரிப்பை நிறுத்துவது, பக்கத்துக் கிணறுகளுக்கு நீர் ஊறவைப்பது, கண்மாய் வாயில் மணல் திட்டு மேடாகிவிடாமல் காப்பது. வயலுக்கு வேண்டிய மென்வண்டல் அதைத் தாண்டிக் கண்மாய்க்குத்தான் போகிறது. அதனால் தடுப்பணைக்குப் பின்னால் தேங்கியதை வண்டல் அனுமதியில் அள்ள முடியாது. பெரும்பாலும் அது மணல். அதைத் தூர்வார, தடுப்பணையைப் பராமரிக்கும் துறையிடம் தனியாக மனு கொடுக்க வேண்டும்.

உண்மையில் எவ்வளவு பிடிக்கிறது என்று அறியச் சூத்திரம் போதாது, நேரில் அளப்பதே சரி. தடுப்பணைச் சுவரிலும், அதற்குப் பின்னால் 50 மீட்டருக்கு ஒன்றாக நட்ட கற்களிலும் பெயின்ட்டால் கோடு போடுங்கள். செப்டம்பரில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காய்ந்த பிறகு பிப்ரவரியில் ஒரு முறை மண் மட்டத்தைக் குறித்தால் போதும். மண் ஒரே ஆண்டில் சுவரின் உச்சியைத் தொட்டுவிட்டால், மேலே எங்கோ கரை உடைந்திருக்கிறது அல்லது புதிய ஓடை அரித்திருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டும்.

வண்டலை வயலில் கொட்டுமுன் இன்னொரு சோதனை. கடலுக்குப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு மேல்மண்ணில் ஏறி நிற்கும். ஏக்கருக்கு 75 கன மீட்டர் என்பது வயல் முழுக்க ஏறத்தாழ 2 செ.மீ. கனம், அந்த உப்பு அப்படியே நாற்றுக்குப் போகும். மூன்று நான்கு இடத்து மண்ணைக் கலந்து அரைக் கிலோ எடுத்து, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மின் கடத்துதிறன் பாருங்கள். மீட்டருக்கு 1 டெசிசீமனுக்குள் இருந்தால் தாராளமாகக் கொட்டலாம். 3-ஐத் தாண்டினால் அந்தப் பகுதியை விட்டு, வரத்துக்கால் நன்னீர் முதலில் வந்து சேரும் பக்கத்தில் எடுங்கள்.