ஒட்டிய முகம் மட்டும் ஏன் தனியாகத் தெரிகிறது?

இந்த முகூர்த்த சீசனில் இதே வேலை திரும்பத் திரும்ப என் மேசைக்கு வந்துவிட்டது. மேடை குரூப் போட்டோவில் பின்வரிசைப் பெரியப்பா கண்ணை மூடியிருப்பார். வீட்டார் அவருடைய வேறொரு படத்தை அனுப்புவார்கள். டிசைனர் அந்த முகத்தை ஒட்டி, நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்வார். பிரிண்டில் பார்த்தால் பெரியப்பா மட்டும் துருத்திக்கொண்டு நிற்பார்.

"முகம் தெளிவா இருந்தா நல்லதுதானே?" என்று கேட்கிறார்கள். இல்லை. சுற்றியுள்ள முகங்கள் எவ்வளவு தெளிவோ அவ்வளவுதான் இதுவும் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 3200-இல் எடுத்த படத்தில் பின்வரிசை கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், எல்லா முகத்திலும் பொடிப்புள்ளிகள் இருக்கும். நடுவில் ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால் கண் நேராக அங்கேதான் போகும். தயவுசெய்து ஒட்டிய முகத்தை ஷார்ப் செய்யாதீர்கள்.

குரூப் போட்டோவில் முகம் 150 பிக்ஸல் அகலம், வந்த படத்தில் 600 என்று வையுங்கள். நான்கில் ஒன்றாகச் சுருக்கும்போது 16 பிக்ஸல்கள் ஒன்றாகக் கலந்து புள்ளிகள் மறைந்துவிடும், விளிம்புகள் கூர்மையாகும். அதனால் ஃபோட்டோஷாப்பில் அளவைச் சரிசெய்ததும் முதலில் Gaussian Blur போட்டு மங்கலாக்குங்கள். 0.5 பிக்ஸலில் தொடங்கி, பக்கத்தில் நிற்பவரின் கண்ணாடி விளிம்பையும் மீசையையும் பார்த்து ஏற்றுங்கள். முன்வரிசையோடு ஒப்பிடாதீர்கள், அங்கே ஃபோகஸ் வேறு.

அதன் பிறகுதான் நாய்ஸ், அதாவது அந்தப் பொடிப்புள்ளிகள். முதலில் நாய்ஸ் போட்டு அப்புறம் மங்கலாக்கினால் போட்டது கரைந்துவிடும். 50% சாம்பல் நிற லேயரை Overlay-இல் வைத்து, Add Noise கொடுத்து, முகத்துக்கு மட்டும் மாஸ்க் போடுங்கள். அந்த லேயரையும் 0.3 அளவுக்கு மங்கலாக்க வேண்டும், ஏனென்றால் கேமரா புள்ளிகள் ஒற்றைப் பிக்ஸலாக நிற்காமல் சற்றுத் திரண்டிருக்கும். பக்கத்து முகத்தில் நிறப்புள்ளிகள் தெரிந்தால் Monochromatic வேண்டாம். சரிபார்க்க நீலச் சேனலை மட்டும் 200 சதவீதத்தில் திறந்து பாருங்கள். நாய்ஸ் பெரும்பாலும் அங்கேதான் அதிகம், ஒட்டிய இடம் வழுவழுவென்று இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

சரிசெய்ய முடியாத ஒன்றும் உண்டு. ஜேபெக் படத்தை 8×8 பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. வாட்ஸ்அப்பில் வந்த சின்ன முகத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் அந்தக் கட்டங்களும் 16 பிக்ஸலாகிக் கன்னத்தில் சதுரம் சதுரமாகத் தெரியும். மேலே நாய்ஸ் தூவினாலும் அடியில் இருக்கும். அப்படிப்பட்ட படத்தை வாங்காதீர்கள், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை PSD-யில் வைத்து, மொத்தப் படத்தையும் கடைசியில் ஒரே முறை ஜேபெக் ஆக்குங்கள்.

போட்டோகிராஃபர்களே, ஒவ்வொரு குரூப்பையும் நகராமல் நான்கு முறை எடுத்துவிடுங்கள். அடுத்த ஃபிரேமில் பெரியப்பா கண்ணைத் திறந்திருந்தால், அதே கேமரா, அதே ஐஎஸ்ஓ, அதே ஃபோகஸ். மேலே சொன்ன எதுவுமே தேவைப்படாது.