ஆதார் இணைத்தும் உதவித்தொகை வரவில்லையா? மேப்பரைப் பாருங்கள்

"ஆதார் எல்லாம் இணைச்சாச்சு சார், ஸ்காலர்ஷிப் மட்டும் வரல" என்று எங்கள் வங்கிக் கிளைக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். கணினியில் பார்த்தால் ஆதார் எண் கணக்கில் ஏறியிருக்கும். ஆனால் அரசுப் பணம் வருவதற்கு அது மட்டும் போதாது.

கணக்குத் தொடங்கும்போது அடையாளச் சான்றாகக் கொடுக்கும் ஆதார், அந்த வங்கியின் பதிவோடு நின்றுவிடும். அரசு ஆதார் எண்ணை வைத்துப் பணம் அனுப்பும்போது பார்க்கப்படுவது வேறொரு பட்டியல். என்.பி.சி.ஐ. எனப்படும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் வைத்திருக்கும் அந்தப் பட்டியலுக்கு மேப்பர் என்று பெயர். அதில் நம் ஆதார் எண்ணை ஒரு வங்கியோடு சேர்ப்பதைத்தான் 'சீடிங்' என்கிறோம்.

மேப்பரில் உங்கள் கணக்கு எண் இருக்காது. இந்த ஆதாருக்கு இந்த வங்கி என்ற விவரம்தான் இருக்கும். ஓர் ஆதாருக்கு ஒரே ஒரு வங்கி. பணம் அந்த வங்கிக்குப் போனதும், எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்பதை அந்த வங்கி தன் பதிவைப் பார்த்து முடிவு செய்யும். அதனால்தான் விண்ணப்பத்தில் ஒரு கணக்கு எண்ணைச் சரியாக எழுதியிருந்தாலும், பணம் வேறொரு கணக்குக்குப் போய்விடுகிறது.

இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி தன் அப்பாவுடன் வந்தார். பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு ஆதார் வழியாக மாணவர் கணக்குக்கே வர வேண்டும். இணையத்தில் பார்த்தால் 'பணம் செலுத்தப்பட்டது' என்று காட்டுகிறது, பாஸ்புக்கில் வரவே இல்லை. myaadhaar.uidai.gov.in தளத்தில் ஆதார் எண்ணையும் கைபேசிக்கு வந்த ஓ.டி.பி.யையும் கொடுத்து உள்ளே போய், Bank Seeding Status என்பதைத் திறக்கச் சொன்னேன். அதில் எங்கள் வங்கியின் பெயரே இல்லை. ஒரு பேமெண்ட்ஸ் வங்கியின் பெயர் இருந்தது. அப்போதுதான் மாணவிக்கு நினைவு வந்தது: சிம் வாங்கிய கடையில் விரல் ரேகை வைத்து ஒரு கணக்கும் திறந்து கொடுத்தார்களாம்.

கணக்குத் தொடங்கும் படிவத்தில், செயலியாக இருந்தால் திரையில், 'அரசு மானியங்களை இந்தக் கணக்கில் பெற விரும்புகிறேன்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் விழுந்தால் மேப்பரில் பழைய வங்கி போய்ப் புதிய வங்கி ஏறிவிடலாம். 2017-இல் ஒரு பேமெண்ட்ஸ் வங்கியில் வாடிக்கையாளர்களுக்குச் சரியாகத் தெரியாமலே திறக்கப்பட்ட கணக்குகளுக்கு சமையல் எரிவாயு மானியம் போய்ச் சேர்ந்தது நாடெங்கும் பேசப்பட்டது. அந்தக் கட்டத்தைப் படிக்காமல் விரல் வைக்காதீர்கள் என்பதைத்தான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இணைய வசதி இல்லாதவர்கள் கைபேசியில் *99*99*1# என்று அழுத்தி ஆதார் எண்ணைக் கொடுத்தும் பார்க்கலாம்.

சரி, அந்த மாணவியின் பணம் தொலைந்துவிட்டதா? இல்லை. பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கில் பத்திரமாக இருந்தது. ஊரில் விரல் ரேகை வைத்துப் பணம் தரும் வங்கி முகவரிடம் போய், அந்த வங்கியின் பெயரைத் தேர்வுசெய்து முதலில் இருப்பை மட்டும் பார்க்கச் சொன்னேன். தொகை இருந்தது, எடுத்துக்கொண்டார்.

இனி வரும் பணம் எங்கள் கிளைக்கே வர, ஆதார் சீடிங் ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். இங்கேதான் பலருக்குத் தவறுகிறது. 'ஆதார் இணைக்க வேண்டும்' என்று மட்டும் கேட்டால், ஏற்கெனவே இணைந்திருக்கிறது என்று கவுண்டரில் அனுப்பிவிட வாய்ப்புண்டு. 'அரசுப் பணம் வர என்.பி.சி.ஐ. மேப்பிங் செய்யணும்' என்று கேளுங்கள். வேறு வங்கியில் ஏற்கெனவே சீடிங் இருந்தால், படிவத்தில் அந்த வங்கியின் பெயரைக் குறிப்பிட்டு அங்கிருந்து மாற்றச் சொல்லி எழுத வேண்டும். புதிய சீடிங் என்று எழுதினால் கோரிக்கை திரும்பிவிடலாம். அதே வங்கியில் உங்களுக்கு இரண்டு கணக்கு இருந்தால், எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். சில நாள் கழித்து மறுபடி நிலையைப் பாருங்கள். வங்கியின் பெயரோடு Active என்று இருந்தால்தான் வேலை முடிந்தது.

மேப்பரில் எந்த வங்கியுமே இல்லாமலோ, கணக்கு மூடப்பட்டோ இருந்தால், அனுப்பிய பணம் துறைக்கே திரும்பிப் போயிருக்கும். அதை மறுபடி அனுப்ப வங்கியால் முடியாது. சீடிங் சரியான பிறகு, Active என்று காட்டும் திரையை அச்செடுத்துக் கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் கொடுத்து, திரும்பிய தொகையை மீண்டும் அனுப்பக் கேட்டு எழுத்துமூலம் மனு கொடுங்கள். மனுவின் நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.