புகையிலைத் தண்ணீர் தோல் வழியாகவும் ஏறும்

மாதவரம், மணலி புதுநகர், மீஞ்சூர் பக்கம் கீரையும் காயும் போடுகிறவர்களில் இன்னொருவர் போன வாரம் அவசர சிகிச்சைக்கு வந்தார். ஓயாத வாந்தி, வாயில் எச்சில் வழிகிறது, முகம் வெளுத்து, கை நடுங்குகிறது. "வெயில்ல நின்னுட்டாரு டாக்டர்" என்றார் கூட வந்த தம்பி. பூச்சிமருந்து அடித்தாரா என்று கேட்டால் இல்லை என்கிறார்கள். சட்டையைக் கழற்றியபோது தோளிலிருந்து இடுப்பு வரை பழுப்புக் கறை. "மருந்தெல்லாம் இல்லீங்க, புகையிலைத் தண்ணி. அசுவினிக்கு அடிச்சோம். டேங்க் மூடி கொஞ்சம் ஒழுகுது."

ஒழுகியது என்ன என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான பக்குவம் இது: அரை கிலோ புகையிலையை நாலரை லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, 120 கிராம் பார் சோப்பைக் கரைத்து ஊற்றி, ஆறு பங்கு தண்ணீர் சேர்த்து அடிப்பார்கள். காய்ந்த இலையில் 2 சதவீதம் நிகோடின் என்று வைத்தாலும் அரை கிலோவில் 10 கிராம். அதில் பாதி இறங்கினால்கூட, கலக்காத கரைசலில் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். ஒரு சிகரெட் முழுவதும் இழுத்தால் உடம்பில் சேர்வதும் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்தான். தண்ணீர் சேர்த்த பிறகு, 200 மில்லி குடித்த சட்டையில் 30 மில்லிகிராம் இருக்கும். அத்தனையும் உள்ளே போகாது. ஆனால் அந்தச் சட்டை வியர்வையோடு முதுகில் ஒட்டி இரண்டு மணி நேரம் கிடக்கிறது.

சோப்பு இலையில் ஒட்டத்தான் போடுகிறோம் என்பார்கள். அதன் காரத்தன்மை நிகோடினைத் தோலுக்குள் எளிதாகப் புகும் வடிவத்துக்கு மாற்றிவிடும். பழைய கோமியமும் காரம்தான், அதில் காய்ச்சுகிறவர்களும் கவனிக்க வேண்டும்.

எனக்குப் பொறுமை போவது ஒரே பதிலில்: "முப்பது வருஷமா வெத்தலையோட மெல்றேன், எனக்கு என்ன ஆகும்?" ஐயா, மெல்லும்போது பாதியைத் துப்புகிறீர்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்துகிறீர்கள். விழுங்கியதில் பெரும்பகுதியை ஈரல் வடிகட்டிவிடுகிறது. முதுகில் நனைந்தது ஈரலுக்குப் போகாமல் நேரே ரத்தத்தில் சேர்கிறது, போதும் என்று நிறுத்த வழியும் இல்லை. பழக்கம் உள்ளவருக்கு ஓரளவு தாங்கும் சக்தி உண்டு, மறுக்கவில்லை. உங்களோடு களை எடுக்கிற அம்மாவுக்கும், தெளிப்பானைக் கழுவித் தருகிற பையனுக்கும் அது இல்லை. "இயற்கைதானே" என்பவர்களுக்கு இன்னொரு செய்தி: நிகோடின் சல்ஃபேட் பூச்சிமருந்தை இந்தியாவில் பயன்படுத்தத் தடை இருக்கிறது. ஏற்றுமதிக்கு மட்டுமே தயாரிக்கலாம்.

நுரையீரல் வழி இதைவிட வேகம். கதவைச் சாத்திய சமையலறையில் காய்ச்சினால் நிகோடின் ஆவியோடு எழும்பும். விசைத்தெளிப்பானின் மெல்லிய துளி மூச்சில் போனால் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். முகத்தில் கட்டும் துண்டு இதைத் தடுக்காது. நனைந்துவிட்டால் மூக்குக்குப் பக்கத்திலேயே நிகோடினை வைத்துக்கொண்டிருப்பீர்கள். நம் பக்கம் மதியத்துக்கு மேல் கடல்காற்று திசை மாறி வீசும். அப்போது மாடித்தோட்டத்தில் அடித்தால் பக்கத்து வீட்டுத் துணியிலும் விழும்.

குமட்டலும் தலைசுற்றலும் வந்த நிமிடமே நிறுத்துங்கள். துணி எல்லாவற்றையும் கழற்றி, கால் மணி நேரம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். வெந்நீர் வேண்டாம், தேய்க்க வேண்டாம். வாந்தி நிற்கவில்லை, கை கால் சோர்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது என்றால் 108. மூச்சுத் தசை ஓய்ந்துபோவதுதான் உயிருக்கு ஆபத்து. மாற்று மருந்து கிடையாது, மூச்சைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. முதல் சில மணி நேரத்தைக் கடந்தவர்கள் பெரும்பாலும் தேறிவிடுவார்கள்.

மருத்துவமனையில் புகையிலை என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள். எச்சில், வியர்வை, வாந்தி எல்லாம் ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து விஷம் போலவே தெரியும். அதற்குத் தருகிற பாம் ஊசி இதற்கு உதவாது. (இளம் மருத்துவர்களுக்கு: கோலினெஸ்டரேஸ் அளவு இயல்பாக வந்தால் தோட்டத்தில் என்ன அடித்தார் என்று திரும்பக் கேளுங்கள்.)

மிச்சத்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பவர்களைத் திட்டத்தான் வேண்டும். டிகாக்‌ஷன் போலவே இருக்கும், குழந்தைக்கு ஒரு வாயே அதிகம்.

அசுவினிக்கு இது தேவையும் இல்லை. கொழுந்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே பாதி உதிரும். மீதிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்: 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டரில் ஒரு இரவு ஊறவைத்து, வடிகட்டி, 200 கிராம் சோப்பு சேர்த்து 100 லிட்டராக்கி மாலையில் அடியுங்கள். தக்காளி, மிளகாய், கத்தரி போட்டிருந்தால் புகையிலையைத் தொட்ட கையோடு செடிக்குள் போகவே வேண்டாம், தேமல் நோய் வைரஸ் அந்தக் கையிலேயே வரும்.