இடைச்செருகலா, இடைக்கணிப்பா?

நிலத்தடி நீர் வரைபடம் போடுகிறவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் இன்டர்போலேஷன். நூறு போர்வெல்லில் நீர்மட்ட ஆழத்தை அளந்துவிட்டு, அளக்காத இடங்களுக்கும் ஒரு மதிப்பைக் கணக்குப் போட்டு நிரப்பி முழுப் பரப்பாக்குவதுதான் அது. மழைக்கு முன் ஒரு பரப்பு, மழைக்குப் பின் ஒரு பரப்பு, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் எங்கே எவ்வளவு மீட்டர் நீர் ஏறியது என்று தெரியும். ஆழத்தைக் கழிப்பதால் நேர்க்குறி வந்தால் ஏற்றம், எதிர்க்குறி வந்தால் இறக்கம். புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. இன்டெர்போலாரே என்றால் பழையதை மெருகேற்றிப் புதிதுபோல் ஆக்குவது. பிறகு ஏட்டுப் பிரதியில் மூல ஆசிரியர் எழுதாத வரிகளை நடுவில் நுழைப்பதற்கும் அதுவே பெயரானது. 1650களில் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் அதைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். தமிழிலும் கதை அப்படியே. பழைய நூல்களில் பின்னால் வந்தவர்கள் நுழைத்த பாடல்களை இடைச்செருகல் என்கிறோம், கணிதப் பாடத்திலும் அதே சொல்தான். இடைக்கணிப்பு என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது, ஏனென்றால் கணிப்பு என்பதில் கணக்கும் இருக்கிறது, ஊகமும் இருக்கிறது. ஆனால் இரண்டு பரப்புகளைக் கழிக்கும்போது மட்டும் பழைய சொல்லை மறக்கக் கூடாது, அங்கே எது அளந்தது, எது செருகியது என்பதுதான் முழு விஷயமும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில் மூன்று போர்வெல். மழைக்கு முன் ஆழம் முறையே 12, 20, 14 மீட்டர். மழைக்குப் பின் 9, 17, 11. மூன்றிலும் 3 மீட்டர் ஏற்றம், வேறுபாட்டு வரைபடம் முழுக்க ஒரே நிறமாகத்தான் வர வேண்டும். ஆனால் இரண்டாவது தடவை போனபோது நடுப் போர்வெல் பூட்டிக் கிடந்தது, அளக்கவில்லை. மென்பொருள் கவலைப்படாது, பக்கத்து இரண்டின் சராசரியாக 10 என்று அங்கே செருகிவிடும். இப்போது 20லிருந்து 10 போக, 10 மீட்டர் ஏற்றம்! வரைபடத்தில் அந்த இடத்தைச் சுற்றி வட்டவட்டமாக அடர்ந்த நிறம், பார்ப்பவர் அங்கே மழைநீர் அபாரமாக இறங்கியிருக்கிறது என்று அறிக்கையே எழுதிவிடுவார். அந்த 10இல் 7 மீட்டர் வெறும் செருகல்.

இதற்கு மருந்து எளிது, மனசுதான் வராது. ஒரு பருவத்தில் விடுபட்ட கிணற்றை மற்றப் பருவத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும். மேலே உள்ள கணக்கில் 20ஐத் தூக்கிவிட்டால் நடுவில் முன்னே 13, பின்னே 10, வித்தியாசம் சரியாக 3. கையில் இருந்த ஒரு நல்ல அளவை இழந்தோம், விடை சரியாக வந்தது.

இரண்டு பருவத்திலும் அதே கிணறுகள்தான் என்றால் இரண்டு பரப்பே தேவையில்லை. ஒவ்வொரு கிணற்றிலும் முதலில் கழித்துவிட்டு, அந்த வித்தியாசத்துக்கு ஒரே ஒரு தடவை இடைக்கணிப்பு செய்தால் போதும். தூரத்தை வைத்து எடை போடும் முறையில் இரண்டு வழியும் ஒரே விடைதான் தரும், எடைகள் மாறுவதில்லையே. கிரிகிங் என்ற முறையில் தூரம் கூடக் கூட அளவுகள் எப்படி வேறுபடுகின்றன என்று ஒரு கணித மாதிரியைப் பொருத்தி, அதிலிருந்து எடை எடுப்பார்கள். அந்த மாதிரியைப் பருவத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே பொருத்தினால் எடைகள் மாறும், விடையும் மாறும். பரப்புகளைத்தான் கழிப்பேன் என்றால், முன் பரப்புக்கு pre, பின் பரப்புக்கு post என்று பெயர் வைத்து, கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளின் ராஸ்டர் கால்குலேட்டரில் இவ்வளவுதான்:

```
"pre@1" - "post@1"
```

எந்தக் கணக்கும் கண்டுபிடிக்காத பிழை ஒன்று உண்டு. மோட்டார் இப்போதுதான் நின்ற போர்வெல்லில் அளந்தால் மட்டம் இன்னும் பழைய நிலைக்கு வந்திருக்காது, ஆழம் கூடுதலாகக் காட்டும். வறண்ட பருவத்தில் அப்படி அளந்தது மழைக்குப் பின் ஏற்றமாக வேடம் போடும். அதனால் குறிப்பேட்டில் மோட்டார் எப்போது நின்றது என்று எழுத ஒரு கட்டம் இருக்க வேண்டும்.

அப்புறம், விளிம்பு. கடைசிக் கிணறுகளுக்கு வெளியேயும் மென்பொருள் நிறம் அடித்துக்கொண்டே போகும். அது இன்டர்போலேஷன் இல்லை, எக்ஸ்ட்ராபோலேஷன், தமிழில் புறச்செருகல். இடைக்கணிப்பு என்று எழுதுகிறவர்கள் இதற்கு ஜோடியாகப் புறக்கணிப்பு என்று போட முடியாமல் முழிப்பார்கள். ஆனால் வரைபடத்தின் அந்தப் பகுதிக்குச் செய்ய வேண்டியது அதுதான், வெளிக்கிணறுகளை இணைத்துக் கோடு போட்டு அதற்கு அப்பால் வெட்டிவிடுங்கள்.